காற்றை எதிர்த்து ஓடும் பாய்: ஷீட் கயிற்றை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது

மொரிஷியஸின் தென்கிழக்குக் கரையில் பாய்ப்படகு பழகுகிறவர்கள் எதிர்க்காற்றிலிருந்து தப்பவே முடியாது. மாஹேபூர் கரையிலிருந்து எக்ரெத் தீவுப் பக்கம் போக வேண்டுமென்றால் கிழக்கு-தென்கிழக்காக ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பகுதி வீசும் தென்கிழக்குக் காற்று அநேகமாக அதே திசையிலிருந்துதான் முகத்தில் அடிக்கும். நேராகப் போக வழியில்லை. ஒருமுறை கிழக்கு-வடகிழக்காக வெளிப்பக்கம் போக வேண்டும், அப்புறம் திரும்பி தெற்கு-தென்கிழக்காக புவான்த் தெனி கரையை நோக்கி வர வேண்டும், மறுபடி திரும்ப வேண்டும். இப்படிக் குறுக்கும் மறுக்குமாக ஏறித்தான் தீவை நெருங்க முடியும். ஒரே அளவுள்ள 2 படகுகள் ஒன்றாகக் கிளம்பினாலும், ஒன்று முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும், இன்னொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலும் அந்த வித்தியாசம் பாயைக் கட்டுப்படுத்தும் ஷீட் கயிற்றைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது ஒற்றைப் பாய் கொண்ட சிறு படகு. லேசர் படகைப் போல, சுமார் 7 சதுர மீட்டர் பாய், ஒரே ஆள், நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் சென்டர்போர்டு, பின்னால் சுக்கான். முன்னால் ஜிப் பாயும் உள்ள படகைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

பாய் காற்றை என்ன செய்கிறது

பின்காற்றில் பாயைக் காற்று தள்ளுகிறது. அது யாருக்கும் புரியும். எதிர்க்காற்றில் நடப்பது வேறு. பாயின் முன்விளிம்பு ஏறக்குறைய காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கிறது. காற்று அங்கே இரண்டாகப் பிரிந்து பாயின் இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகிறது. பாய் வளைந்திருப்பதால் காற்றும் அதோடு சேர்ந்து வளைந்து, பின்விளிம்பை விட்டு வெளியேறும்போது வந்த திசையிலிருந்து விலகிப் படகின் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஓடுகிற காற்றைத் திருப்ப வேண்டுமென்றால் அதன்மேல் விசை கொடுத்தாக வேண்டும். பாய் காற்றின்மேல் விசை கொடுக்கிறது, காற்று அதே அளவு விசையை எதிர்த்திசையில் பாயின்மேல் கொடுக்கிறது. அதுதான் தூக்குவிசை.

அழுத்தத்தை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். பாயின் புடைத்த பக்கத்தில், அதாவது காற்று நேராக மோதாத மறுபக்கத்தில், காற்று வேகமாக ஓடுகிறது, அழுத்தம் குறைகிறது. குழிந்த பக்கத்தில் வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. பள்ளிப் புத்தகங்களில் இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: புடைத்த பக்கத்தில் பாதை நீளம், இரண்டு பக்கக் காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால் வேகம் என்று. அது தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புடைத்த பக்கக் காற்று உண்மையில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. தவிர, பாய் வெறும் துணி. அதன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம்தான்.

இதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புடைத்த பக்கத்தில் ஓடும் காற்று துணியை ஒட்டியே ஓட வேண்டும். ஒட்டியிருக்கும்வரை அது திரும்புகிறது, விசை கிடைக்கிறது. பாயைக் காற்றுக்கு மிகவும் குறுக்காக நிறுத்திவிட்டால் அது துணியைப் பற்றிக்கொள்ள முடியாமல் கழன்று, பின்னால் சுழல்களாக உருண்டு போகும். இனிமேல் இதைக் ‘கழன்ற பாய்’ என்றே சொல்கிறேன்.

பக்கவாட்டு விசை எப்படி முன்னோக்கிப் போகிறது

தூக்குவிசை காற்று வரும் திசைக்குச் செங்குத்தாக இருக்கும். எதிர்க்காற்றில் அதன் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில் தள்ளத்தான் பார்க்கிறது. முன்னோக்கி இருப்பது சிறு பங்கு. பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவது சென்டர்போர்டு. படகு தன் மூக்கு காட்டும் திசையிலிருந்து 4 பாகை அளவுக்குக் காற்றோடு வழுக்கிக்கொண்டே போகிறது. அந்தச் சிறு கோணத்தில் போர்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும்போது, பாய் காற்றில் செய்வதையே போர்டு தண்ணீரில் செய்கிறது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அதனால்தான் ஒரு சிறு பலகை அத்தனை பெரிய பாய்க்கு ஈடுகொடுக்கிறது. ஈரமான லிச்சிக் கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் முன்னால் பீறிட்டு ஓடுமே, படகும் அப்படித்தான் பாய்க்கும் போர்டுக்கும் நடுவே நசுக்கப்பட்டு முன்னால் போகிறது.

போர்டின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் போர்டின் பலம் நான்கில் ஒன்றாகிவிடும். அப்போது அதே பக்கத் தள்ளலைத் தாங்கப் படகு இன்னும் அதிகமாக வழுக்க வேண்டும். மெதுவாகப் போகிற படகு எதிர்க்காற்றில் இரட்டிப்பாக நட்டப்படுவது இதனால்தான்.

ஒரு கணக்கு: 12 நாட் காற்றில்

காற்று 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். படகு அதற்கு 45 பாகை கோணத்தில் 4 நாட் வேகத்தில் ஓடுகிறது. படகின் ஓட்டத்தால் உண்டாகும் எதிர்க்காற்றும் சேர்வதால், பாய் உணரும் காற்று சுமார் 15 நாட். அது வரும் கோணமும் முன்னால் நகர்ந்து மூக்கிலிருந்து 34 பாகையில் இருக்கிறது. இந்தக் காற்றின் அழுத்தத்தை 7 சதுர மீட்டரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 26 கிலோ எடைக்குச் சமமான விசை. பாய் இதில் எத்தனை மடங்கைத் தூக்குவிசையாக்குகிறது, எத்தனை பங்கைக் காற்றோடு பின்னால் தள்ளும் இழுவையாக வீணாக்குகிறது என்பதை ஷீட் கயிறு தீர்மானிக்கிறது. கீழே மூன்று நிலைகளுக்கு நான் எடுத்த மடங்குகள் இப்படிப்பட்ட பாய்க்குப் பொருத்தமான தோராய மதிப்புகள். பாய்க்குப் பாய் மாறும், ஆனால் போக்கு மாறாது.

சரியாக இழுத்த பாய்: தூக்குவிசை 1.2 மடங்கு, இழுவை 0.2 பங்கு. முன்னோக்கிய விசை 13 கிலோ, பக்கவாட்டு விசை 29 கிலோ.

அதிகம் இழுத்துக் கழன்ற பாய்: தூக்குவிசை 1.0 மடங்கு, இழுவை 0.45 பங்கு. முன்னோக்கி 5 கிலோ, பக்கவாட்டில் 28 கிலோ.

கொஞ்சம் அதிகமாக விட்ட பாய்: தூக்குவிசை 0.7 மடங்கு, இழுவை 0.12 பங்கு. முன்னோக்கி ஏழரை கிலோ, பக்கவாட்டில் 17 கிலோ.

நடு வரியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பக்கவாட்டுத் தள்ளல் கிட்டத்தட்டக் குறையவே இல்லை. படகு அதே அளவு சாய்கிறது, நீங்களும் அதே பாடுபட்டு வெளியே தொங்குகிறீர்கள், கயிறும் கையில் விறைப்பாக இருக்கிறது. ஆனால் முன்னோக்கிய விசை பாதிகூட மிஞ்சவில்லை. இது உடனே புலப்படாது, ஏனென்றால் உடம்புக்குத் தெரிவது பக்கவாட்டு விசைதான். கையில் பாரம் இருக்கிறவரை படகு ஓடுவதாகத்தான் தோன்றும்.

கடைசி வரியில் முன்விசை குறைந்தாலும் பக்கவிசையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இறங்கியிருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்தால் கயிற்றை விடுவதுதான் மலிவான தவறு. அதிகம் விட்ட பாய் முன்விளிம்பில் படபடத்து உங்களிடம் சொல்லிவிடும். அதிகம் இழுத்த பாய் எதுவும் சொல்லாது. பார்க்க அழகாக, ஒரு சுருக்கமில்லாமல் நிற்கும்.

எக்ரெத் தீவுக் கணக்குக்கு இதைக் கொண்டு வருவோம். சரியான பாயோடு 4 நாட், 4 பாகை வழுக்கல் என்றால் காற்றை நோக்கி நேராக ஏறும் வேகம் சுமார் 2.6 நாட், 3.5 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். கழன்ற பாயோடு வேகம் மூன்று நாட்டுக்குக் கீழே இறங்கும், வழுக்கல் ஏறத்தாழ இருமடங்காகும், ஏறும் வேகம் ஒன்றரை நாட்டுக்குப் பக்கம் வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

நூல்கள்: முதல் வேலை

காற்று கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அதைக் காட்டும் நூல்களை ஒட்டாமல் கிளம்பாதீர்கள். கம்பளி நூலில் 20 சென்டிமீட்டர் துண்டுகள் போதும். முன்விளிம்பிலிருந்து 30, 40 சென்டிமீட்டர் தள்ளி, பாயின் நடு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, இரு பக்கமும் ஒன்றொன்று ஒட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டாம். ஒன்று சற்று மேலே இருந்தால், வெயில் துணியை ஊடுருவும்போது எது எந்தப் பக்கத்து நூல் என்று குழம்பாது. பின்விளிம்பில், மேலேயுள்ள, பாயை விறைப்பாக வைக்கும் பேட்டன் குச்சியின் முனையில் ஒரு ரிப்பன் துண்டு. பருத்தி நூல் வேண்டாம், ஈரமானதும் துணியோடு ஒட்டிக்கொள்ளும். தையலுக்குப் பக்கத்திலும் ஒட்டாதீர்கள், நூல் அதில் சிக்கிக்கொண்டு பொய் சொல்லும்.

நூல் சொல்வதைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் காற்று இரு பக்கமும் ஒட்டியிருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்து நூல் மேலே துள்ளினால், பாய் காற்றுக்குப் போதுமான முகம் காட்டவில்லை: கயிற்றை இழுங்கள், அல்லது மூக்கைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்குங்கள். மறுபக்கத்து நூல் தொங்கினாலோ சுழன்றாலோ காற்று கழன்றுவிட்டது: கயிற்றை விடுங்கள், அல்லது மூக்கைக் காற்றை நோக்கிக் கொஞ்சம் திருப்புங்கள். பின்விளிம்பு ரிப்பன் வெளியே பறக்காமல் பாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டே இருந்தால் பாயின் மேல்பகுதி கழன்றிருக்கிறது.

கடலில் செய்யும் வரிசை

கரையை விட்டுத் தள்ளி, சென்டர்போர்டு முழுவதும் இறங்கும் ஆழத்துக்கு வந்த பிறகு தொடங்குங்கள். அந்தக் குடாவில் பவளப் பாறைகள் திடீரென்று மேலே வரும். தண்ணீரின் நிறம் நீலத்திலிருந்து பழுப்பாக மாறுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

முதலில் படகைக் காற்றுக்கு 50 பாகை அளவில் நிறுத்தி, கயிற்றை முன்விளிம்பு படபடக்கும்வரை விடுங்கள். அப்புறம் மெதுவாக இழுங்கள். படபடப்பு நிற்கும் இடம்தான் உங்கள் தொடக்கப்புள்ளி. அதற்குமேல் அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். படகு வேகமெடுக்கட்டும்.

வேகமெடுத்ததும் பாய் உணரும் காற்று முன்னால் நகரும், அதனால் படபடப்பு திரும்ப வரும். இப்போது இன்னும் கொஞ்சம் இழுத்து, கூடவே மூக்கையும் 45 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இழுப்பது, வேகம், கோணம் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறும். நின்ற படகில் கயிற்றை முழுதாக இழுத்துவிட்டு வேகத்துக்குக் காத்திருந்தால் அது வரவே வராது: பாயும் கழன்றிருக்கும், போர்டுக்கும் பிடிப்பு இருக்காது, படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும்.

என் அண்ணன் மகன் பழகும்போது இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டான். “சித்தப்பா, இன்னும் இழுத்தா இன்னும் வேகமாப் போகாதா? கையில எவ்ளோ பலமா இழுக்குது பாருங்க!” என்றான். “கயிற்றைப் பார்க்காதே, மறுபக்கத்து நூலைப் பார்” என்றேன். நூல் துணியோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை அகலம் விட்டான். நூல் எழுந்து பறந்தது, படகின் பின்னால் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியது. கையில் பாரம் பெரிதாக மாறவில்லை. அதுதான் அவனுக்கு நம்பமுடியாமல் இருந்தது.

நூல்கள் இரண்டும் பறக்கும் நிலைக்கு வந்ததும் கயிற்றில் அந்த இடத்தை ஒரு பேனாக் கோடு அல்லது தையல் நூலால் அடையாளப்படுத்துங்கள். இதுவரை கயிறுதான் மாறியது, இனிமேல் கயிறு நிலையாக இருக்கட்டும், சுக்கானால் நூலைப் பின்தொடருங்கள். காற்றின் திசை எப்போதும் கொஞ்சம் ஊசலாடும். அதற்கெல்லாம் கயிறு இழுத்தால் கை ஓய்ந்துவிடும்.

கயிறு செய்யும் இரண்டாவது வேலை

ஷீட் கயிறு பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் கட்டையை உள்ளே இழுக்கிறது என்று மட்டும் நினைப்போம். பூம் கிட்டத்தட்ட உள்ளே வந்துவிட்ட பிறகு அந்தக் கயிறு பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. அப்போது பின்விளிம்பு விறைத்து, பாயின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியைப் போலவே உள்ளே மூடிக்கொள்கிறது. மேலே காற்று கீழே இருப்பதைவிட வேகமாகவும், சற்று விரிந்த கோணத்திலும் வரும். எனவே பாயின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட வெளிப்பக்கமாகக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். முழுதாக விறைத்த பாயில் கீழ் நூல்கள் அழகாகப் பறந்தாலும் மேலே கழன்றிருக்கலாம்.

பின்விளிம்பு ரிப்பன் இதற்குத்தான். அது பெரும்பாலான நேரம் வெளியே பறந்து, எப்போதாவது மட்டும் ஒளிந்தால் சரி. எப்போதும் ஒளிந்தே இருந்தால் 5 சென்டிமீட்டர் விடுங்கள். கடைசிக் கொஞ்சம் கயிறு பூமின் கோணத்தை அவ்வளவாக மாற்றாது. பின்விளிம்பைத் திறக்கும், அவ்வளவுதான். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிறு ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் ஷீட்டை விட்டும் முறுக்கு வராது, பூம் அப்படியே வெளியே போகும். மெல்லிய காற்றில் வாங்கைத் தளர்வாக வையுங்கள்.

பவளத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் தட்டையாக இருக்கும். அங்கே இறுக்கமான பாயும் நெருக்கமான கோணமும் பலன் தரும். திட்டின் வாய்ப்பக்கம் போனால் வெளிக்கடல் அலை உள்ளே நுழையும். ஒவ்வொரு அலையிலும் படகு தடுக்கி நிற்கும், பாய்மர உச்சி முன்னும் பின்னும் ஆடும், மேலே காற்றின் கோணம் நொடிக்கு நொடி மாறும். அங்கே 5 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு, மூக்கையும் 3, 4 பாகை விலக்கி ஓட்டுங்கள். காற்றுக்கு நெருங்கி ஏற வேண்டும் என்ற ஆசையை அலையில் விட்டுவிடுவது நல்லது.

திடீர்க் காற்று

தென்கிழக்குக் காற்று சீரானது என்றாலும் ஒரே அளவில் வீசாது. முன்னால் தண்ணீர் கருத்துச் சுருங்குவது தெரிந்தால் வீச்சு வருகிறது என்று பொருள். காற்று 12 நாட்டிலிருந்து 17 ஆனால் அதன் விசை இருமடங்காகும். உங்கள் எடை இருமடங்காகாது.

வீச்சு தொட்ட அந்தக் கணமே, படகு சாய்வதற்கு முன்பே, ஒரு கை அளவு கயிற்றை விடுங்கள். உடம்பை வெளியே தள்ளுங்கள். படகு நிமிர்ந்தபடியே வேகமெடுக்கும். உடனே விட்ட கயிற்றைத் திரும்ப எடுங்கள். சாய்ந்த பிறகு விடுவது தாமதம். சாய்ந்த படகு தானாகக் காற்றுக்குள் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்கச் சுக்கானை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பீர்கள், குறுக்கே நிற்கும் அந்தச் சுக்கான் தண்ணீரில் பிரேக் போட்ட மாதிரி. சுக்கான் கைப்பிடியை இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் போனால் குறை சுக்கானில் இல்லை, பாயில் இருக்கிறது.

திரும்பிய பின் முதல் 10 வினாடி

காற்றைத் தாண்டித் திரும்பியதும் படகு பாதி வேகத்தில் இருக்கும். மேலே சொன்ன வர்க்கக் கணக்கு இங்கேதான் கடிக்கிறது. கயிற்றை அடையாளத்திலிருந்து 15, 20 சென்டிமீட்டர் விட்டபடியே புதிய பக்கத்தில் கிளம்புங்கள், மூக்கையும் கொஞ்சம் விலக்கி வையுங்கள். தண்ணீர்ச் சத்தம் திரும்பிய பிறகு அடையாளத்துக்கு இழுங்கள். புவான்த் தெனி கரை நெருங்கும்போது பதற்றத்தில் திரும்பி, அதே பதற்றத்தில் முழுதாக இழுத்துவிட்டு, திரும்பக் கரைக்கே வழுக்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிப் பாயும் இருந்தால்

ஜிப்பை முதலில் சரிசெய்யுங்கள், பெரிய பாயை அதற்கு ஏற்ப வையுங்கள். இரண்டு பாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் காற்று வேகமாகப் பீச்சியடிப்பதாகப் பலர் இன்னும் சொல்வார்கள். காற்றியக்க வல்லுநர் ஆர்வெல் ஜென்ட்ரி 1970களிலேயே அது தலைகீழான விளக்கம் என்று காட்டிவிட்டார். ஜிப் இருப்பதால் பெரிய பாயின் முன்விளிம்பைச் சுற்றிப் போகும் காற்றின் வேகம் குறைகிறது, அதனால் அங்கே காற்று எளிதில் கழலாது. பெரிய பாய் இருப்பதால் ஜிப்புக்கு வரும் காற்று நல்ல கோணத்தில் வளைந்து வருகிறது, ஜிப்பின் பங்கு கூடுகிறது. நடைமுறையில் பார்க்க வேண்டியது: ஜிப்பை அதிகம் இழுத்தால் பெரிய பாயின் முன்பகுதி உள்ளே குழிந்து துடிக்கும். உடனே பெரிய பாயின் கயிற்றை இழுக்காதீர்கள். முதலில் ஜிப் நூல்களைப் பாருங்கள்.

சரிபார்ப்பது எப்படி

நீர்புகாத பையில் கைபேசி, அதில் வேகம் காட்டும் ஏதாவது ஒரு செயலி போதும். காற்றுக்கு ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை 5 சென்டிமீட்டர் மட்டும் மாற்றி, அரை நிமிடம் காத்திருந்து எண்ணைப் பாருங்கள். ஒரே நேரத்தில் கயிறு, வாங், உட்காரும் இடம் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம்: மூக்கைக் காற்றிலிருந்து விலக்கினால் வேகம் பெரும்பாலும் கூடும், ஆனால் தீவு பக்கத்தில் வராது. பக்கத்தில் அதே வகைப் படகு ஒன்று ஓடினால் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அது உங்கள் தோளுக்கு நேராக இருந்து மெல்ல முன்னால் போகிறதென்றால், அதன் பூம் நுனி எங்கே இருக்கிறது, பின்விளிம்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். பல தடவை அது உங்களுடையதைவிடக் கொஞ்சம் வெளியேதான் இருக்கும்.

தீவை நெருங்கியதும் சுற்றித் திரும்பிவிடுங்கள். எக்ரெத் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சரணாலயம், நினைத்தபடி கரையேற முடியாது. திரும்பும்போது பின்காற்று; ஷீட் கயிற்றை முழுதாக விட்டு, போர்டைப் பாதி தூக்கிக்கொள்ளலாம்.